மேற்கு ஜன்னலுக்கு இரண்டு துணி
திரைச்சீலையின் முகப்புத் துணி அழகுக்கு. வெயிலைத் திருப்பி அனுப்புவது பின்னால் இருக்கும் லைனிங்.

நாக்பூரில் மே மாதப் பிற்பகல். வெளியே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. இரவெல்லாம் சரக்கு ரயில் ஓட்டிவிட்டு வந்த எஞ்சின் டிரைவர் ஒருவர் மேற்கு பார்த்த படுக்கையறையில் தூங்க முயல்கிறார். ஜன்னலில் கனமான அரக்கு நிற வெல்வெட் திரை. அறை இருட்டாகத்தான் இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. திரைக்கு அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது.

கோளாறு துணியின் கனத்தில் இல்லை, நிறத்தில். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை அடர்நிறத் துணி உறிஞ்சிக்கொண்டு சூடாகிறது. அந்தச் சூடு அறைக்குள்ளேயே இறங்குகிறது. வெள்ளைத் துணியோ ஒளியில் பெரும்பகுதியை வந்த வழியே கண்ணாடிக்கு வெளியே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருந்தாக வேண்டும். அறையைப் பார்க்கும் பக்கம் அரக்கோ பச்சையோ, அது வீட்டுக்காரர் விருப்பம்.

ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. உச்சி வெயிலுக்கு அது போதும். நான்கு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராகக் கட்டிலுக்கே வந்துவிடுகிறது.

முகப்புத் துணியில் பட்டு வேண்டாம். வெயிலில் பட்டு நூல் இற்றுப்போய், மடிப்பு மடிப்பாகக் கிழியும். பருத்தி பார்க்க இதம், ஆனால் வெளுக்கும், முதல் சலவையில் சுருங்கும். பாலியஸ்டர் அதிகம் உழைக்கும். சாயம் நிற்குமா என்று கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட, துண்டுத் துணி ஒன்றை வாங்கி, பாதியை அட்டையால் மூடி, அதே ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைத்துப் பார்ப்பது நல்லது. அட்டையை எடுத்ததும் இரு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தத் துணி அந்த ஜன்னலுக்கு ஆகாது.

லைனிங்கில் இரண்டு வகை. சாதாரண வெள்ளைப் பருத்தி வெயிலைத் தணிக்கும், வெளிச்சத்தை முழுக்க நிறுத்தாது. பகலில் தூங்குபவர்களுக்குப் பூச்சு பூசிய பிளாக் அவுட் துணிதான் சரி. வாங்கும்போது ஒரு மூலையைக் கசக்கி விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கசக்கிய இடத்தில் ஒளிக்கீற்றுகள் தெரிந்தால் பூச்சு வெடிக்கிறது என்று அர்த்தம். முறுக்கிப் பிழிந்தாலும், பூச்சின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டாலும் நல்ல துணிகூட உரியும். இரண்டு துணியையும் சேர்த்துத் தைக்காமல், ஒரே கொக்கியில் தனித்தனியாக மாட்டினால் முகப்பை மட்டும் கழற்றித் துவைக்கலாம். ஒன்று சுருங்கி மற்றது தொய்யும் தொல்லையும் இல்லை.

இனி அளவு. டிரைவர் வீட்டு ஜன்னல் 60 அங்குல அகலம். அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரம். பழைய திரை ஜன்னல் அளவுக்கே இருந்ததால் பக்கவாட்டில் வெயில் கத்தி போல் நுழைந்தது. புதிய ராடு இரு பக்கமும் 6 அங்குலம் நீண்டு 72 அங்குலம் ஆகிறது. மடிப்பு விழ இரு மடங்கு துணி, அதாவது 144 அங்குலம் தேவை. கடைத் துணியின் அகலம் 48 என்றால் மூன்று துண்டு, பக்கத்துக்கு ஒன்றரை.

ராடை ஜன்னலுக்கு 6 அங்குலம் மேலே மாட்டினால் அங்கிருந்து தரைக்கு 90 அங்குலம். அரை அங்குலம் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் சேர்த்து 100 அங்குலம், பருத்தி என்றால் சுருக்கத்துக்கு இன்னும் 5. மூன்று துண்டுக்கு 315 அங்குலம், அதாவது 8 மீட்டர். பெரிய பூ போட்ட துணியானால் கணக்கு மாறும். 24 அங்குலத்துக்கு ஒருமுறை பூ திரும்ப வந்தால், பூவுக்குப் பூ பொருந்த ஒவ்வொரு துண்டையும் 120 அங்குலமாக வெட்ட வேண்டும். 9 மீட்டரைத் தாண்டிவிடும்.

ஜன்னல் விளிம்போடு திரை நின்றால் கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே சூடான காற்று மேலே ஏறி அறைக்குள் வழியும், கீழிருந்து அறைக் காற்று அதன் இடத்துக்குப் போகும். தரை வரை, சுவரை ஒட்டித் தொங்கும் திரை இந்த ஓட்டத்தைக் குறைக்கிறது. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தால் விளிம்புக்குக் கீழே 6 அங்குலமாவது இறங்கட்டும்.

இத்தனை செய்தும் திரை கண்ணாடிக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டி வெயிலைக் கண்ணாடி வரவே விடாது. இரண்டும் இருந்தால் மெத்த நல்லது. மேற்குச் சுவரோ திரைக்குக் கட்டுப்படாது. பகலில் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். டிரைவர் கட்டிலின் தலைமாட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போட்டிருக்கிறார்.