பாஸ்புக்கில் ஒரு தொகை, சாங்ஷன் லெட்டரில் வேறு தொகை

வலியசாலை அக்ரஹாரத்து வீடுகளில் நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் கூரை கெட்டால் மழைக்காலத்தில் இரண்டு வீட்டிலும் ஒழுகும். அப்படி ஒழுகிய கூரையைப் பிரித்துக் கட்ட எங்கள் தெரு மாமா ஒருவர் ஒரு வங்கியில் 24 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். பணம் கைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் பாஸ்புக்கையும் சாங்ஷன் லெட்டரையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்.

“ப்ராசஸிங் ஃபீஸ் ஆறாயிரம்னு எழுதிக் குடுத்தா. இங்க பாரு, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கா. பிராஞ்சில போய்க் கேட்டா சிஸ்டம் தானா எடுத்துடுத்துங்கறா.”

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். ‘சிஸ்டம் எடுத்தது’ என்ற பதில் பொய்யில்லை, ஆனால் பாதி பதில்தான். எந்தக் கணக்கில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது மிகவும் சுலபம். அதற்கு வங்கியின் தயவு தேவையில்லை. பாஸ்புக்கும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

பாஸ்புக்கில் இருந்த தொகை 9,912 ரூபாய். ப்ராசஸிங் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே முதலில் அந்தத் தொகையை 1.18ஆல் வகுக்க வேண்டும். 8,400 வருகிறது. இது வரி நீங்கலாக வங்கி எடுத்த கட்டணம். 24 லட்சத்தில் 8,400 என்பது 0.35 சதவீதம். சாங்ஷன் லெட்டரில் எழுதியிருந்ததோ 0.25 சதவீதம், அதாவது 6,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். 6,000க்கு வரி 1,080. ஆக மாமா கட்ட வேண்டியது 7,080 ரூபாய். வித்தியாசம் 2,832. அதில் கட்டணம் 2,400, வரி 432.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. வகுத்ததும் 0.35 என்று சுத்தமான எண் வந்ததால், இது ஏதோ ஒரு விகிதப்படி போடப்பட்ட கட்டணம். பண்டிகைச் சலுகை, பழைய வாடிக்கையாளர் சலுகை என்று விகிதத்தைக் குறைத்துக் கடிதம் கொடுத்திருப்பார்கள். பணம் பட்டுவாடா ஆகும்போது அந்தச் சலுகையைக் கணினியில் பதிய மறந்தால், அது பட்டியலில் இருக்கும் வழக்கமான விகிதத்தையே எடுத்துக்கொள்ளும். மாமா விஷயத்தில் நடந்தது இதுதான்.

எல்லா வித்தியாசமும் இந்த வகையில்லை. வித்தியாசம் சரியாக 18 சதவீதம் என்றால் அது வெறும் ஜி.எஸ்.டி.; ‘வரி தனி’ என்று கடிதத்தில் ஒரு சின்ன வரி இருக்கும், திரும்பி வராது. வகுத்தும் சுத்தமான விகிதம் வராமல் துண்டாக ஒரு தொகை நின்றால், வக்கீல் பார்வைக் கட்டணம், வீட்டு மதிப்பீட்டாளர் கட்டணம், அடமானத்தை செர்சாய் பதிவேட்டில் ஏற்றும் கட்டணம் இவற்றில் ஏதாவது ஒன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். இவை வேறு ஆட்களுக்குப் போகும் பணம். கடிதத்தில் தனியாகச் சொல்லியிருந்தால் எடுக்கலாம், ஆனால் ரசீது கொடுக்க வேண்டும். இன்னொரு வகையும் அடிக்கடி நடக்கும். விண்ணப்பம் கொடுக்கும்போதே முன்பணமாக இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கியிருப்பார்கள். பட்டுவாடாவின்போது அதைக் கழிக்காமல் முழுக் கட்டணத்தையும் எடுத்துவிடுவார்கள். அதனால் விண்ணப்பம் கொடுத்த மாதத்திலிருந்தே பாஸ்புக்கைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்த கேள்வி, எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது. சாங்ஷன் லெட்டர் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கட்டணங்கள் வங்கியின் அவ்வப்போதைய விதிகளுக்கு உட்பட்டவை’ என்று ஒரு வாசகம் இருக்கும். கிளையில் விரல் வைத்துக் காட்டுவது அந்த இடத்தைத்தான். அதற்குப் பதில் சொல்லும் காகிதம் வேறொன்று இருக்கிறது: கே.எஃப்.எஸ். என்று சொல்லும் முக்கிய விவர அறிக்கை.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும் அனுமதிக்கும் ஒவ்வொரு புதிய தவணைக் கடனுக்கும் இந்த அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். கடன் தொகை, வட்டி, எல்லாக் கட்டணங்களும், அவற்றையும் வட்டியையும் சேர்த்துக் கணக்கிட்ட வருடாந்திரச் சதவீதம் எல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதி, விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று கையெழுத்தும் வாங்க வேண்டும். நம் தெருவில் வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் படித்து, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். இந்த ஒரு காகிதத்தையாவது படிக்க வருகிற மொழியில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

அந்தச் சுற்றறிக்கையில் நமக்கு வேண்டிய விதிகள் இரண்டு. அறிக்கையில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் காலத்தில் எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது என்பது ஒன்று. அறிக்கைக்கு ஒரு செல்லுபடிக் காலம் உண்டு, ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடனுக்கு அது குறைந்தது மூன்று வேலை நாள். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் அதில் உள்ள நிபந்தனைகள் வங்கியைக் கட்டுப்படுத்தும் என்பது மற்றொன்று. ‘அவ்வப்போதைய விதி’ என்ற பொதுவான வாசகம் இந்த இரண்டையும் தாண்டி நிற்காது.

இதற்கும் எல்லை உண்டு. கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கு இந்த விதி கிடையாது. நீங்கள் காலம் கடத்தி, செல்லுபடிக் காலம் முடிந்து, வங்கி புதிய கட்டணத்தோடு இரண்டாவது அறிக்கை கொடுத்து அதிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் முதல் காகிதத்தைக் காட்டிப் பயனில்லை. கடன் தொகை நடுவில் மாறி புதிய சாங்ஷன் லெட்டர் வந்திருந்தாலும் அப்படித்தான். அதனால் கேட்கப் போகும் முன் கையில் இருப்பதுதான் கடைசிக் கடிதமா என்று தேதி பார்க்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கட்டண அட்டவணை ஒன்று இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலை எல்லா இணைப்புகளோடும் கடன் வாங்கியவருக்கு வங்கி கொடுக்க வேண்டும். மாமாவிடம் நகல் இல்லை. கேட்டு வாங்கினோம். அட்டவணையிலும் 6,000 என்றே இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பியிருந்தால் பாடு பெரிதாகியிருக்கும்.

இனி கடிதம். கவுண்டரில் நின்று வாயால் கேட்பதில் பயனில்லை, ஏனென்றால் கடனை அனுமதித்த அலுவலகம் பெரும்பாலும் கிளைக்கு வெளியே இருக்கும். கிளையில் இருப்பவர் யாரிடமாவது கேட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தில் இல்லாததை அவரால் மேலே அனுப்ப முடியாது. மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததின் சாரம் இவ்வளவுதான்:

‘என் வீட்டுக் கடனுக்கு உங்கள் சாங்ஷன் லெட்டரிலும் முக்கிய விவர அறிக்கையிலும் ப்ராசஸிங் கட்டணம் 6,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 1,080 ரூபாய், ஆக 7,080 ரூபாய் என்று உள்ளது. என் சேமிப்புக் கணக்கிலிருந்து 9,912 ரூபாய் எடுக்கப்பட்டுள்ளது. கூடுதலாக எடுத்த 2,400 ரூபாயையும் அதன் ஜி.எஸ்.டி. 432 ரூபாயையும் சேர்த்து 2,832 ரூபாயை அதே சேமிப்புக் கணக்கில் திரும்ப வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் கட்டணத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை.’

கூடவே கணக்கு எண், பணம் எடுத்த தேதி, சாங்ஷன் லெட்டர், முக்கிய விவர அறிக்கை, பாஸ்புக் பக்கம் மூன்றின் நகல்கள். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதிக் கொடுக்கலாம். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். கிளை மேலாளரிடம் கொடுத்து நம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கியின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ புகாரைப் பதிந்து எண்ணும் வாங்கிவைத்தால் இன்னும் பலம்.

வரியைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கட்டணத்தை மட்டும் திருப்பிவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுவது சகஜம். ‘அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது’ என்பார்கள். கட்டணம் கூடுதலாகப் போடப்பட்டால், வங்கி ஒரு கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைச் சரிசெய்துகொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அதற்குக் கெடு, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30. அதற்கு முன்பு கேட்டால் வங்கிக்கும் கையை விட்டுப் போகாது. வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் ‘இனி முடியாது’ என்று சொல்ல நாமே ஒரு காரணம் கொடுத்தவர்களாவோம்.

கட்டணம் எங்கிருந்து போனது என்பதும் முக்கியம். கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தால், அதிகம் எடுத்த பணத்துக்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் எடுத்த தேதியிலிருந்தே கடன் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்க வேண்டும்.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், cms.rbi.org.in என்ற தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448. வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்காமல் நேரே இங்கே போனால் புகாரைத் தள்ளிவிடுவார்கள். முத்திரை போட்ட அந்தப் பிரதி இங்கேதான் பயன்படும். ஒரே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

புகாரில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நிற்கும் அல்லது விழும். ‘0.35 சதவீதம் மிக அதிகம்’ என்று எழுதினால் அது விழுந்துவிடும். எவ்வளவு கட்டணம் வைப்பது என்பது வங்கியின் வியாபார முடிவு. அதில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். ‘0.25 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 0.35 எடுத்தார்கள்’ என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. பணம் அதேதான், புகார் வேறு.

மாமாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடிதம் கொடுத்த மூன்றாவது வாரம் 2,400 ரூபாய் வரவாகியிருந்தது. “வந்துடுத்து” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன், 432 இல்லை. அன்றைக்கே அதே கடிதத்தின் நகலோடு இரண்டு வரி எழுதி, பழைய புகார் எண்ணையும் போட்டுக் கொடுத்தோம். அடுத்த முறை பாஸ்புக் பதிந்தபோது அதுவும் வந்திருந்தது.