தடித்த இதயத்தசையும் விளையாட்டு மைதானமும்

ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பது உயர் ரத்த அழுத்தம் போன்ற வேறு காரணம் இல்லாமலே இதயத்தசை தடித்துப்போகும் நோய். பெரியவர்களில் இடது கீழறைச் சுவர் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருப்பது இதன் முக்கிய அடையாளம்.

பெரும்பாலும் தசைப் புரதங்களுக்கான மரபணு ஒன்றின் பிழையே காரணம். தாய் தந்தையரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். பிழை வந்தாலும் தடிப்பு பல ஆண்டுகள் கழித்தே தெரியலாம். அதனால் ஒருமுறை எடுத்த எக்கோ இயல்பாக இருந்தாலும் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

பலரிடம், இதயம் சுருங்கும்போது மைட்ரல் வால்வின் இதழ் தடித்த நடுச்சுவரை நோக்கி இழுக்கப்பட்டு, ரத்தம் வெளியேறும் பாதையைக் குறுக்குகிறது. அழுத்த வேறுபாடு 30 மி.மீ. பாதரசத்தை எட்டினால் அது அடைப்பு. கீழறையில் ரத்தம் குறைந்தால் அடைப்பு கூடும். ஆகவே எழுந்து நிற்கும்போது இதய முணுமுணுப்பு வலுக்கும், குந்தும்போது தணியும்.

தந்தைக்கு இந்நோயுள்ள 16 வயதுக் கபடி வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். படுத்த நிலையில் வேறுபாடு 15. உடற்பயிற்சிக்குப் பின் 60. ஓய்வில் மட்டும் அளந்திருந்தால் அடைப்பு தப்பியிருக்கும். ஆட்டத்தின் நடுவே அவன் மயங்கியிருந்தால் அது அபாய அறிகுறி.

முன்பு இத்தகையோருக்குப் போட்டி விளையாட்டு பொதுவாகத் தடுக்கப்பட்டது. 2020-இன் அமெரிக்க வழிகாட்டுதல், நிபுணர் ஆபத்தை மதிப்பிட்டு, வீரருடனும் குடும்பத்துடனும் பேசி முடிவெடுக்க இடமளித்தது. ஆபத்து முற்றிலும் நீங்காது என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மிதமான உடற்பயிற்சி பெரும்பாலோருக்கு உகந்தது. நீர்ச்சத்துக் குறைவைத் தவிர்ப்பது அவசியம்.