ஷிப்ட் விசையின் இரட்டை வேலை

சுரங்கத்தில் ஒரு மணி நேரம் தோண்டிவிட்டு வீடு திரும்புகிறார் மைன்கிராஃப்ட் ஆடும் ஒருவர். அவருடைய பையில் மொத்தம் 36 கட்டங்கள். அவற்றில் 12 கட்டங்களை உடைத்த கல் அடைத்திருக்கிறது, கட்டத்துக்கு 64 வீதம். அத்தனையையும் பெட்டிக்குள் போட வேண்டும். ஒவ்வொரு குவியலையும் மவுஸால் ஒரு கிளிக்கில் எடுத்து, இன்னொரு கிளிக்கில் வைத்தால் 24 கிளிக் ஆகும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் குவியல் தானாகவே பெட்டிக்குத் தாவிவிடும். 12 கிளிக் போதும்.

இதையும் குறைக்க வழி உண்டு. கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில், வேறு ஏதாவது ஒரு பொருளை, வாளோ ரொட்டியோ, மவுஸ் முனையில் எடுத்துக்கொண்டு, ஷிப்டை அழுத்தியபடி கல்லின் மேல் இரண்டு முறை வேகமாகக் கிளிக் செய்தால், பையில் உள்ள கல் எல்லாம் ஒரே மூச்சில் பெட்டிக்குப் போய்விடும்.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. பொருள் எங்கே போக வேண்டும் என்று ஆடுபவர் சொல்வதில்லை, ஆட்டமே முடிவு செய்கிறது. திறந்திருப்பது பெட்டி என்றால் பெட்டிக்குள் போகும். எதுவும் திறக்காமல் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தலைக்கவசம் நேராகத் தலைக்கு ஏறும். மற்றவை மேல் கட்டங்களுக்கும் கீழ் வரிசைக்கும் இடையே மாறும்.

இந்த முடிவு சில நேரம் காலை வாரும். உலையைத் திறந்து நிலக்கரியை ஷிப்ட் கிளிக் செய்தால் அது எரிபொருள் கட்டத்துக்குப் போகிறது, சரி. மரக்கட்டையைச் செய்தால்? அதை எரிக்கவும் முடியும், சுட்டுக் கரியாக்கவும் முடியும். ஆட்டம் முதலில் கேட்பது, ‘இதைச் சுட முடியுமா?’ என்பதைத்தான். முடியும் என்பதால் கட்டை மேல் கட்டத்தில் போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே இரும்புத் தாது இருந்தால் கட்டை கீழே இறங்காது, ஒன்றுமே நடக்காது. விறகாக வேண்டுமென்றால் கையால் எடுத்து வைக்க வேண்டும், அல்லது அறுத்துப் பலகையாக்கிப் போட வேண்டும்.

பொருள் செய்யும் கட்டத்திலும் கவனம் தேவை. பெட்டி ஒன்று செய்ய எட்டுப் பலகை. எட்டு இடங்களிலும் 64 பலகைகளை வைத்துவிட்டு, விளையும் பெட்டியின் மேல் ஷிப்ட் கிளிக் செய்தால் ஒன்று வராது. 64 பெட்டிகள் வந்து, 512 பலகைகளும் தீர்ந்துபோகும்.

இனி விசையை மாற்றும் கதை. ஷிப்டை அழுத்தியே சுண்டுவிரல் நோகிறது என்று ஒருவர் Controls பகுதிக்குள் போய் Sneak என்ற பதுங்கும் செயலை C விசைக்கு மாற்றுகிறார். வெளியே நடக்கும்போது C அழுத்தினால் பதுங்குகிறார். பெட்டியைத் திறந்து C அழுத்திக்கொண்டு கிளிக் செய்தாலோ பொருள் தாவாது. பதுங்குவதும் பொருளைத் தாவ வைப்பதும் ஒரே விசையில் இருக்கும் இரு தனி வேலைகள். முதலாவது பட்டியலில் உண்டு. இரண்டாவது ஆட்டத்தின் நிரலிலேயே பதிந்திருப்பதால் பட்டியலில் இல்லை.

ஆனால் நிரல் பார்ப்பது இடது ஷிப்டை மட்டுமல்ல, வலது ஷிப்டையும்தான். மவுஸை இடக்கையில் பிடிப்பவருக்கு இதுவே போதும். மற்றவர்கள் விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளை நாடலாம். அதன் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்று வரிகள், மைன்கிராஃப்ட் சாளரம் முன்னால் இருக்கும்போது மட்டும் கேப்ஸ் லாக்கை ஷிப்டாக்கும்:

```
#HotIf WinActive("Minecraft")
CapsLock::LShift
#HotIf
```

பலர் சேர்ந்து ஆடும் சர்வர் என்றால் அதன் விதிகளை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

செக் நாட்டின் வூபே நிறுவனம் உருவாக்கிய ஃபாக்டோரியோவில் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அங்கே ஷிப்ட் கிளிக் ஒரு குவியலை நகர்த்தும். கண்ட்ரோல் கிளிக் அந்த வகைப் பொருள் முழுவதையும் நகர்த்தும். இடது பொத்தானுக்குப் பதில் வலது பொத்தானை அழுத்தினால் பாதி மட்டும் போகும். இவை ஒவ்வொன்றும் விசைப் பட்டியலில் தனித்தனி வரியாக இருக்கின்றன. விரும்பியதை மட்டும் மாற்றலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

எந்த ஆட்டமானாலும் ஷிப்டை அடிக்கடி தட்டுபவரை விண்டோஸ் ஒரு முறையாவது திடுக்கிட வைத்திருக்கும். தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ஆட்டத்தின் நடுவே ‘ஸ்டிக்கி கீஸ்’ கேள்விப் பெட்டி எழும். விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்காக வைத்த வசதி அது. தேவைப்படாதவர்கள் விண்டோஸ் 11இல் Settings, அதில் Accessibility, அதில் Keyboard என்று போய் அந்தக் குறுக்குவழியை மட்டும் அணைத்துவிடலாம்.