நர்சிங் மாணவிக்கு ஊசி குத்திட்டா... 72 மணி நேரம்தான் கெடு! எய்ட்ஸ் கிருமியை தடுக்கும் 28 நாள் மாத்திரை

வார்டு டியூட்டியில் இருக்கும் நர்சிங் மாணவிகளுக்கு பெரிய பயமே ஊசிதான். நோயாளிக்கு போட்ட ஊசி கையில் குத்திவிட்டால், "எய்ட்ஸ் வந்திடுமோ" என்று பலர் நடுங்கிப்போய் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

காலை 10 மணிக்கு ஒரு மாணவி ஊசி போட்டு முடித்து, மூடியை திரும்ப மாட்டும்போது விரலில் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரலை அமுக்கி ரத்தம் பிதுக்கக்கூடாது. வாயில் வைத்து சப்பக்கூடாது. ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். குழாய் தண்ணீரில் சோப்பு போட்டு கழுவினால் போதும். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

3 பேருக்குத்தான்

எச்.ஐ.வி. உள்ளவருக்கு போட்ட ஊசி குத்தினாலும், ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்குத்தான் கிருமி தொற்றும். அதையும் தடுக்க மாத்திரை இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள், அதாவது பகல் 12 மணிக்குள் முதல் மாத்திரை போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை.

நோயாளியின் ரத்தத்தை அவர் சம்மதத்துடன்தான் பரிசோதிக்க வேண்டும். அந்த ரிசல்ட்டுக்காக காத்திருக்காமல் முதல் மாத்திரையை போட்டுவிட வேண்டும். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை என்று தெரிந்தால் டாக்டர் நிறுத்திவிடுவார்.

ஒரு நாளும் விடக்கூடாது

டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினமும் ஒன்று வீதம் 28 நாள். குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதற்காக பாதியில் நிறுத்தினால் பாதுகாப்பு போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடும் மாணவிகள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றில் சேர்த்து போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக சேராது.

குத்திய உடனே ஒரு ரத்தப் பரிசோதனை. பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் பரிசோதனை. அதுவரை ரத்ததானம் கூடாது. கல்யாணமானவர்கள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். இதையெல்லாம் கவுன்சிலர் பக்குவமாக எடுத்துச் சொல்வார்.

28 நாளுக்கே இந்தப் பாடு என்றால், ஆயுசு முழுக்க மாத்திரை போடும் நோயாளிக்கு எப்படி இருக்கும்? அவரிடம் "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு அண்ணே?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

போர்டு மாட்டினால் தப்பு

எச்.ஐ.வி. நோயாளி கட்டிலில் அடையாளம் போடுவதால் நர்சுக்கு பாதுகாப்பு கிடையாது. கிருமி புகுந்த புதிதில் பரிசோதனையிலும் அது தெரியாது. அடையாளம் இல்லாத கட்டிலில் மாணவி அசட்டையாக இருந்துவிடுவார். அதனால் ரத்தம் படும் வேலை என்றால் யாராக இருந்தாலும் கையுறை போட வேண்டும். ஊசிக்கு மூடி மாட்டாமல், குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவில் அப்படியே போட வேண்டும்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்வது 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தவறு. ஊசி குத்திய மாணவிக்கும் அதே ரகசியம் பொருந்தும். சந்தேகம் இருந்தால் 1097-க்கு இலவசமாக போன் செய்து கேட்கலாம்.