இன்றே இப்படம் கடைசி

சினிமா சுவரொட்டியின் மேல் ‘இன்றே இப்படம் கடைசி’ என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு, மறுநாளும் அதே படத்தை ஓட்டுவது நமக்குப் பழகிப்போன வேடிக்கை. இதே வேலையை மின்னஞ்சலில் செய்ததாக எழுந்த ஒரு புகார், அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஓல்டு நேவி என்பது அங்கே பெரிய துணிக்கடை நிறுவனம். தள்ளுபடி முடியப்போகிறது என்று சப்ஜெக்ட் வரியில் அவசரப்படுத்திவிட்டு, பிறகு அதே தள்ளுபடியை நீட்டித்தார்கள் என்று வாஷிங்டன் மாநில வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அம்மாநிலத்தில் 1998-லேயே இதற்கென ஒரு சட்டம் இருந்தது. விளம்பர மின்னஞ்சலின் சப்ஜெக்ட் வரியில் பொய்யான, தவறாக எண்ணவைக்கும் தகவல் இருக்கக் கூடாது. மீறினால் ஒரு மின்னஞ்சலுக்கு குறைந்தது 500 டாலர் இழப்பீடு கேட்க அப்போது முடிந்தது. ‘விளம்பரத்தை விளம்பரம் இல்லாததுபோல் மறைத்து அனுப்புவதைத்தான் சட்டம் தடுக்கிறது’ என்று நிறுவனம் வாதிட்டது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதை ஏற்கவில்லை. சப்ஜெக்ட் வரியில் எந்தத் தகவல் பொய்யாக இருந்தாலும் அது சட்டத்துக்குள் வரும் என்றது.

அதே நேரத்தில், வியாபாரிகள் வழக்கமாக அடிக்கும் தம்பட்டத்தை நீதிமன்றம் குற்றமாக்கவில்லை. மின்னஞ்சல் எழுதும் எவருக்கும் பயன்படுகிற கோடு இதுதான். ‘இந்த ஆண்டின் அபாரமான தள்ளுபடி’ என்பதை யாரும் அளந்து பார்க்க முடியாது. படிப்பவரும் அதைப் பெருமையடிப்பு என்றே எடுத்துக்கொள்வார். ‘இன்று இரவு 12 மணியோடு முடிகிறது’ என்பது அப்படியல்ல. 12 மணிக்குப் பிறகு கடைக்குள் போய்ப் பார்த்தால் உண்மையா பொய்யா என்பது தெரிந்துவிடும். சரிபார்க்கக்கூடிய எந்தச் சொல்லை எழுதினாலும், அதாவது தேதி, விலை, எண்ணிக்கை, ‘இலவசம்’, ‘எல்லாம்’ போன்றவற்றை எழுதினாலும், மின்னஞ்சலின் உள்ளே அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

பொய் சொல்ல நினைக்காதவரும் தமிழில் எழுதும்போது படிப்பவரைத் தவறாக எண்ணவைத்துவிட முடியும். செல்பேசியின் இன்பாக்ஸில் சப்ஜெக்ட் வரி முழுதாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் சுமார் 30, 40 எழுத்துகள் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். நம் வாக்கியத்திலோ வினையும் மறுப்பும் கடைசியில் வருகின்றன. ‘வரும் ஜனவரி முதல் சந்தாக் கட்டணத்தை உயர்த்தப்போவதில்லை’ என்று ஒரு பத்திரிகை நல்ல சேதி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ‘வரும் ஜனவரி முதல் சந்தாக் கட்டணத்தை உயர்த்த…’ என்று வெட்டுப்பட்டால், சந்தாதாரர் கட்டணம் ஏறுகிறது என்றுதான் நினைப்பார். ‘சந்தாக் கட்டணம் உயராது’ என்று ஆரம்பித்து, ஜனவரியைப் பின்னால் தள்ளினால் போதும். அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலை உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, கணினியில் அல்ல, செல்பேசியில் பாருங்கள். வெட்டுப்பட்ட இடம்வரை படித்தால் என்ன பொருள் வருகிறதோ, அதுதான் பலருக்குப் போய்ச்சேரும் பொருள்.

சப்ஜெக்ட்டை ஒட்டி மங்கலான எழுத்தில் இன்னொரு வரி தெரியும். இதை முன்னோட்ட வரி எனலாம். நாம் தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால், மின்னஞ்சலின் உடலில் முதலில் எது இருக்கிறதோ அதை மென்பொருள் எடுத்துக் காட்டிவிடும். பல கடைகளின் மின்னஞ்சலில் ‘இது சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் பார்க்கவும்’ என்ற வாசகம் அந்த இடத்தில் நிற்பது இதனால்தான். மின்னஞ்சல் அனுப்பும் சேவைகளில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அது இல்லாவிட்டால், உடலின் முதல் வரியாக இப்படிச் சேர்ப்பது வழக்கம். திறந்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது.

```html
<div style="display:none;max-height:0;overflow:hidden">
தபால் செலவு தனி. சரித்திர நாவல்கள் 5, சமூக நாவல்கள் 7.
</div>
```

இந்த வாசகம் எப்படி வந்தது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு சிறு பதிப்பகம் நாற்பது நாவல்கள் போட்டிருக்கிறது. அவற்றில் 12-க்கு மட்டும் 25 சதவீதம் தள்ளுபடி, ஜனவரி 31 வரை. தபால் செலவை வாங்குபவரே ஏற்க வேண்டும். முதலில் எழுதத் தோன்றுவது ‘எங்கள் நாவல்களுக்கு 25% தள்ளுபடி! இன்றே முந்துங்கள்!’ என்பது. இதில் நேரடிப் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘எங்கள் நாவல்களுக்கு’ என்றதும் நாற்பதுக்கும் என்று தோன்றுகிறது. ‘இன்றே’ என்றதும் நாளைக்குக் கிடைக்காது என்று தோன்றுகிறது. இரண்டும் தவறு.

திருத்தி எழுதினால் ‘12 நாவல்களுக்கு 25% தள்ளுபடி, ஜனவரி 31 வரை’ என்றாகும். கடைசிப் பகுதி வெட்டுப்பட்டாலும் முக்கியமான சேதி தப்பிவிடும். மேலே உள்ள முன்னோட்ட வரி, சப்ஜெக்ட்டில் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல் அதில் இடமில்லாமல் விடுபட்டதைச் சொல்கிறது. தபால் செலவை முன்கூட்டியே சொன்னால் சிலர் திறக்க மாட்டார்களே என்று தோன்றலாம். திறக்க மாட்டார்கள்தான். ஆனால் அதற்காக வாங்காமல் போகிறவர், பணம் கட்டும் பக்கம்வரை வந்தும் போய்விடுவார், எரிச்சலோடு போவார். குறைவது திறப்பு மட்டுமே, விற்பனை அல்ல.

ஆர்வத்தைத் தூண்டக் கூடாது என்பதில்லை. ‘இந்த நாவலை ஆசிரியர் இரண்டு முறை எழுதியது ஏன்?’ என்று கேட்கலாம், உள்ளே அந்தக் காரணம் இருந்தால். யாரும் எழுதாத கடிதத்துக்குப் பதில்போல முன்னால் ‘Re:’ போட்டு அனுப்புவது வேறு. அது படிப்பவரின் ஞாபகத்தையே ஏமாற்றுகிறது.

இவ்வளவுக்கும் ‘ஏமாற்றினால்தான் அதிகம் பேர் திறக்கிறார்கள்’ என்று புள்ளிவிவரம் காட்டுபவர்கள் உண்டு. எத்தனை பேர் திறந்தார்கள் என்பது, மின்னஞ்சலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளியளவு படம் இறங்கியதா என்பதை வைத்து எண்ணப்படுகிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர்களின் மின்னஞ்சலில், அவர்கள் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படலாம். அன்றிலிருந்து திறப்பு விகிதம் என்ற எண்ணே பாதி கற்பனை. இரண்டு சப்ஜெக்ட் வரிகளில் எது நல்லது என்று பார்க்க விரும்பினால், பெயர்ப் பட்டியலைக் கலைத்து இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாக அனுப்புங்கள். எத்தனை பேர் சுட்டியை அழுத்தினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் பட்டியலிலிருந்து விலகினார்கள் என்று எண்ணுங்கள்.

கூடவே, எத்தனை பேர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜிமெயிலுக்கு மொத்தமாக அனுப்புபவர்கள் இந்தப் புகாரை 0.1 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது கூகுள். ஆயிரத்துக்கு மூன்று பேர். சப்ஜெக்ட்டை நம்பித் திறந்து ஏமாந்தவர்களில் அந்த மூன்று பேர் சுலபமாகத் தேறிவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பதிப்பகம் நேர்மையாக எழுதும் கடிதமும், ஏமாறாத மற்ற 997 பேரின் இன்பாக்ஸுக்குப் போகாமல் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும்.