ரிலேயில் தெறிக்கும் நீலப் பொறி

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைத் திறந்தால், கறுப்பாகவோ நீலமாகவோ தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு ரிலே இருக்கும். மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பல வீடுகளில் அது மோட்டாரை நேரடியாக ஓட்டுவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உள்ள கான்டாக்டரின் காயிலுக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. காயில் இழுத்துப் பிடித்திருக்கும்போது எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். 10 ஆம்பியர் தாங்கும் ரிலேக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் சில ரிலேக்கள் இரண்டொரு வருடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, தொட்டி வழிகிறது.

அந்த 10 ஆம்பியர் கணக்கு ஹீட்டர் போன்ற சுமைக்கானது. காயில் வேறு இனம். இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. ரிலே திறந்தாலும் அந்த மின்னோட்டம் உடனே நிற்காது. வேகமாக ஓடும் தண்ணீரின் குழாயைப் படாரென்று மூடினால் உள்ளே அழுத்தம் எகிறிக் குழாய் அதிர்வதுபோல, இங்கே மின்னழுத்தம் எகிறுகிறது. பிரிய ஆரம்பித்த இரு முனைகளுக்கிடையே அது மைக்ரோ விநாடிக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறக்கூடும். இடைவெளியோ அப்போது மயிரிழைதான். காற்று தாங்காமல் பொறி தெறிக்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையில் துளி உலோகத்தைக் கரைத்து, பள்ளமும் மேடுமாக விட்டுப்போகிறது. ஒருநாள் மேடு பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது, அல்லது இரண்டும் உருகி ஒட்டுகின்றன.

இதற்கான மருந்துதான் ஸ்னப்பர்: 100 ஓம் மின்தடை ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் தொடராக இணைத்து, ரிலே முனைகளின் குறுக்கே போடுவது. முனை திறந்ததும் காயிலின் மின்னோட்டத்துக்கு மாற்றுப்பாதை கிடைக்கிறது. அது மின்தேக்கிக்குள் பாய்கிறது. 40 மில்லி ஆம்பியருக்கு, அலையின் உச்சியில் திறந்தாலும், முனையில் முதலில் தோன்றுவது சுமார் 6 வோல்ட்தான். அதன் பிறகு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் போலத்தான் ஏறும். அதற்குள் முனைகள் விலகத் தொடங்கிவிடும். ஸ்னப்பர் மின்னழுத்தத்தை ஒழிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. உச்சம் அப்போதும் சில நூறு வோல்ட் போகலாம் என்பதால், பெரிய காயிலுக்கு வேரிஸ்டர் ஒன்றையும் கூடவே போடுவார்கள்.

மின்தேக்கி மட்டும் போதாதா, மின்தடை எதற்கு? திறந்திருக்கும் ரிலேயில் மின்தேக்கி 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். ரிலே மூடியதும் அவ்வளவும் முனைகள் வழியாகவே கொட்டும். மின்தடை இல்லையென்றால் அந்த வெள்ளமே முனைகளை ஒட்டவைத்துவிடும். பொறியைத் தடுக்கப் போட்ட பாகம் அதைவிட மோசமான வேலையைச் செய்யும். 100 ஓம் இருந்தால் உச்சம் 3 ஆம்பியர் அளவில் அடங்கும். கணம் மட்டுமே என்றாலும் அதிர்ச்சி பெரிது. ஆகவே சுருள்கம்பி அல்லது தீப்பிடிக்காத வகை, ஒரு வாட் மின்தடை நல்லது. மின்தேக்கி எக்ஸ்-2 வகையாக, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். வெறும் 400 வோல்ட் டிசி என்று போட்ட மலிவு மின்தேக்கியை மின்வழியில் போடுவது தீ வைப்பதற்குச் சமம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ரிலே திறந்திருந்தாலும் ஸ்னப்பர் வழியாக சுமார் 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் கான்டாக்டருக்கு அது பொருட்டல்ல, கைவிட்டுவிடும். ஆனால் பத்து மில்லி ஆம்பியருக்குள் இயங்கும் சிறு 230 வோல்ட் ரிலே அந்தக் கசிவிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். எல்இடி விளக்கு மங்கலாக எரியும் அல்லது சிமிட்டும். அப்படியானால் 0.022 மைக்ரோஃபாரட் போன்ற சிறியதைப் போடலாம், அல்லது ஸ்னப்பரை ரிலேயின் குறுக்கே போடாமல் காயிலின் குறுக்கே மாற்றலாம். டிசி காயில் என்றால் இந்தச் சங்கடமே வேண்டாம், ஒரு டையோடு போதும். ஏசியில் டையோடு உதவாது.

எக்ஸ்-2 மின்தேக்கி ஒவ்வொரு மின்னெழுச்சியிலும் கொஞ்சம் தேய்ந்து, வருடக்கணக்கில் கொள்ளளவு இழக்கும். நிற்கும் கணத்தில் ரேடியோவில் சடசடப்பு திரும்பினாலோ, ரிலேயின் கண்ணாடி உறைக்குள் நீலம் தெரிந்தாலோ, அதைக் கழற்றி அளந்து பாருங்கள், பாதியாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள். ரிலே அணைந்திருக்கிறது என்று நம்பி மட்டும் கம்பியைத் தொடாதீர்கள். ஸ்னப்பர் உள்ள சுற்றில் அந்தப்பக்கமும் ஷாக் அடிக்கும். முதலில் எம்சிபியை இறக்குங்கள்.