கழிச்சு கழிஞ்ஞால் கழுகாம்

கொச்சி காக்கநாட்டில் நாங்கள் இருந்த பிளாட்டில் மூன்றாவது அறை இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. வாடகையை இரண்டே பேர் கட்டிக்கொண்டிருந்ததால், கோழிக்கோட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்றதும் எங்களுக்கு நிம்மதி. அவள் வந்த மூன்றாம் நாள் காலையில் சிங்க்கில் எறும்பு வரிசை. ராத்திரி சாப்பிட்ட தட்டு அப்படியே இருந்தது. "ஒரு மெசேஜ் அனுப்பிடு, நேரில் சொன்னால் முகம் வாடிடும்" என்றார் திருச்சூர்க்காரச் சேச்சி. எனக்கும் மலையாளம் பழக ஒரு வாய்ப்பு என்று நானே எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் வீட்டிலும் அடுக்களைதான், கிச்சன் எல்லாம் பிறகு வந்தது. மலையாளத்திலும் அடுக்கள. பாத்திரம் பாத்ரம், சோறு சோறு, அரி அரிசி. தமிழில் யோசித்து வார்த்தைகளை லேசாக வளைத்தால் மலையாளம் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். எழுதியது இது: "தயவாயி நிங்ஙள் கழிச்ச பாத்ரங்ஙள் கழுகணம். ஞங்ஙளுடெ அடுக்களயில் எல்லார்க்கும் பணி உண்டு. நிங்ஙள்க்கும் பணி தராம்."

சேச்சி வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது மெசேஜ் இல்லெடீ, பஞ்சாயத்து ஒட்டுற நோட்டீஸ். கடைசி வரி மட்டும் ரவுடி எழுதினது."

ரவுடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் பணி என்றால் வேலைதான். ஆனால் பேச்சில் ஒருவருக்குப் "பணி கொடுப்பது" என்றால் அவரை வகையாக மாட்டிவிடுவது. "பணி கிட்டி" என்றால் சிக்கிக்கொண்டேன் என்று பொருள். வந்து மூன்று நாளான பெண்ணுக்கு "உனக்கும் பணி தருகிறேன்" என்று எழுதியிருந்தால், அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்கியிருப்பாள். அதனால் அந்த வரி "அடுக்களயிலெ கார்யம்" என்று மாறியது. அடுக்களை விஷயம், அவ்வளவுதான்.

அடுத்து "நிங்ஙள்". இங்கேதான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். தமிழில் "கழுவுவாய், கழுவுவீர்கள், கழுவுவாள்" என்று வினையின் வாலைப் பார்த்தே யார், என்ன மரியாதை என்று தெரிந்துவிடும். மலையாள வினைக்கு அந்த வால் இல்லை. நான், நீ, அவள், அவர் எல்லோருக்கும் ஒரே "கழுகும்"தான். மரியாதை முழுவதும் முன்னால் நிற்கும் "நீ"யின் தலையில் வந்து விழுகிறது. அந்த "நீ"யில்தான் எத்தனை தினுசு! "நீ" என்றால் நெருக்கம், அல்லது தாழ்த்தல். "தான்" என்றால் சமவயதுக்காரர்கள், ஆபீஸ் தோழர்கள். சண்டையில் சொன்னால் அதுவே முறைப்பு. "தாங்கள்" கடிதத்துக்கும் மேடைக்கும். "நிங்ஙள்" இலக்கணப்படி மரியாதைதான், ஆனால் தெற்குப் பக்கம் பெரியவர்களிடம் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். வடக்கே மலபாரில் அதுவே இயல்பான பேச்சு. வயது தெரிந்தால் சேச்சி, சேட்டன் என்று உறவு வைத்து நழுவலாம். புதிதாக வந்தவள் என்னைவிடப் பெரியவளா சின்னவளா என்றே எனக்குத் தெரியாது.

சேச்சி சொன்ன வழி எளிது: அந்தச் சொல்லையே எடுத்துவிடு. வினைக்கு வால் இல்லாததால் யார் என்று சொல்லாமலே மலையாள வாக்கியம் முழுசாக நிற்கும். தமிழில் "நீங்கள்" என்பதை எடுத்தாலும் "கழுவுங்கள்" என்பதில் அது ஒளிந்துகொண்டிருக்கும். அங்கே நிஜமாகவே காணாமல் போய்விடும். கடைசியில் அனுப்பிய மெசேஜில் "நீ"யும் இல்லை, "நிங்ஙள்" என்பதும் இல்லை.

அப்படியானால் பணிவு எங்கே இருக்கிறது? கடைசி எழுத்தில். "கழுகணம்" என்றால் கழுவியே ஆகவேண்டும். "கழுகணே" என்றால் கழுவிடேன், சரியா? ஒரு "அம்" போய் ஒரு "ஏ" வந்ததும் உத்தரவு கெஞ்சலாக மாறிவிடுகிறது. தடுக்கும்போதும் இதே கதை. "இடருது" என்றால் போடக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டுவது. "இடல்லே" என்றால் போட்டுடாதே, ப்ளீஸ். அதன் பின்னால் "ட்டோ" என்று ஒட்டிக்கொண்டால் தோளில் கை போட்ட மாதிரி. அது "கேட்டோ" என்பதன் தேய்ந்த வடிவம். கேட்டுதா, சரியா என்கிற அர்த்தம். திருச்சூரில் அதுவே "ட்டா". சேச்சி "ட்டா" என்றே எழுதச் சொன்னார். கோழிக்கோட்டுக்காரி கிண்டல் செய்வாள் என்று நான் "ட்டோ"விலேயே நின்றேன்.

"தயவாயி" என்பதற்குத் தமிழிலும் அதே கதிதான். ரயில்வே அறிவிப்பிலும் வங்கிக் கவுன்டரிலும் "தயவுசெய்து" கேட்கலாம், கூடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் யார் சொல்கிறார்கள்? மலையாளிகள் அந்த இடத்தில் "ஒன்னு" என்று நுழைப்பார்கள், நாம் "கொஞ்சம்" என்று நுழைப்பதைப் போல. ஒன்னு கழுகி வெக்கணே: கொஞ்சம் கழுவி வச்சிடேன்.

"ஞங்ஙளுடெ அடுக்கள" என்று எழுதியதற்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு வைத்திருப்பவள், அங்கேயும் நம்மள், ஞங்ஙள் என்று இரண்டு இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். ஞங்ஙள் என்றால் கேட்பவர் வெளியே. எங்கள் அடுக்களை, நீ விருந்தாளி. "நம்மள்" என்று எழுதினால் அவள் உள்ளே வந்துவிடுகிறாள், வந்தவள் பாத்திரமும் கழுவலாம். வேலையைப் பங்கு போட வந்த மெசேஜின் முதல் வரியிலேயே ஆளை வெளியே நிறுத்தியிருந்தேன்.

இனி அனுப்பிய மெசேஜ். போனில் ஆங்கில எழுத்தில் தட்டியது. இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"ஹாய்! பிளாட் இஷ்டப்பெட்டோ? அடுக்களயிலெ கார்யம் ஒன்னு பறயாம் என்னு விசாரிச்சு. நம்மள் மூணு பேரல்லே, ராத்ரியிலெ பாத்ரம் ஓரோ திவசம் ஓரோருத்தர் கழுகியால் மதி. திங்களும் வ்யாழவும் ஞான் கழுகாம். சொவ்வயும் வெள்ளியும் பற்றுமோ? கழிச்சு கழிஞ்ஞால் பிளேட் அப்போள்தன்னெ ஒன்னு கழுகி வெக்கணே, இல்லெங்கில் உறும்பு வரும். கேஸ் குற்றி தீர்ந்நால் குரூப்பில் பறயணே. மீன்சட்டியில் சோப்பு இடல்லே ட்டோ. பிளாஸ்டிக் கவர் கழுகி உணக்கி வெச்சால் ஹரிதகர்ம சேனக்கார் கொண்டுபோகும். வேறெ சௌகர்யம் உண்டெங்கில் பறஞ்ஞோளூ, மாற்றாம்."

பெரும்பாலும் புரிந்திருக்கும். புரிந்த மாதிரி இருக்கும் இடங்களில்தான் வழுக்கும். "விசாரிச்சு" என்றால் அங்கே விசாரணை இல்லை, நினைத்தேன் என்று பொருள். "மதி" என்றால் போதும். "கழிக்குக" என்றால் சாப்பிடுவது. கேரளத்துக்குப் போன எந்தத் தமிழரையும் "கழிச்சோ?" என்ற கேள்வி ஒரு கணம் திகைக்க வைத்திருக்கும். "கழிஞ்ஞு" என்றால் முடிந்தது. "கழுகு" என்றால் கழுவு. நம் ஊர்க் கழுகுக்கு இங்கே வேலையில்லை. ஆக, "கழிச்சு கழிஞ்ஞால் கழுகாம்" என்றால் சாப்பிட்டு முடித்தால் கழுவலாம். என் காதில் இது ஒரே சொல்லை மூன்று முறை திக்கியதுபோல் விழுந்தது. மலையாளிக்கு இதில் விசேஷமே இல்லை.

"கேஸ் குற்றி" என்பது சிலிண்டர். புட்டு அவிக்கும் குழலும் புட்டுக்குற்றிதான். நாம் "ற்ற" என்பதை "ற்ர" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மலையாளிகள் அதை மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் நாக்கை வைத்து "த்த"வுக்கும் "ட்ட"வுக்கும் நடுவில் ஒலிக்கிறார்கள். அதனால் நம் காதுக்குக் குட்டி என்றே கேட்கும். ஆங்கில எழுத்தில் தட்டினால் குட்டியும் குற்றியும் ஒரே எழுத்துக்கூட்டு. முன்பு ஒருமுறை சேச்சி "கேஸ் குற்றி தீர்ந்நு" என்று அனுப்பியபோது, எந்தக் குட்டிக்கு என்ன ஆயிற்று என்று நான் பதறிப் போன் செய்தேன். தீர்ந்தது சிலிண்டர்.

மீன்சட்டி விஷயம் மொழியைச் சேர்ந்ததல்ல, மண்ணைச் சேர்ந்தது. அது சுட்ட மண்சட்டி, உடம்பெல்லாம் நுண்துளை. பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டால் சட்டி அதைக் குடித்துவிடும், அடுத்த மத்திக் குழம்பில் எலுமிச்சை சோப்பு மணக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்றால் கொஞ்சம் கடலை மாவு. கழுவியதும் கவிழ்த்து அலமாரிக்குள் வைக்காமல் நன்றாகக் காயவிட வேண்டும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். இத்தனையையும் மெசேஜில் எழுதினால் அது பாடப்புத்தகமாகிவிடும் என்று சோப்பு வேண்டாம் என்பதோடு நிறுத்தினோம்.

பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்துவது தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். கேரளத்தில் உள்ளாட்சிகளின் கீழ் இயங்கும் ஹரித கர்ம சேனையில் இருப்பவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்ரீ பெண்கள். வீடு வீடாக வந்து மக்காத குப்பையை வாங்கிப் போவார்கள். பால் கவரோ மசாலா கவரோ, அழுக்கோடு கொடுத்தால் தரம் பிரிக்க முடியாது என்பதால் சுத்தமாகவும் காய்ந்தும் கேட்கிறார்கள். காக்கநாட்டுக்காரர்களுக்கு இதை யாரும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. 2023 மார்ச் 2 அன்று பக்கத்திலிருக்கும் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து, பத்து நாளுக்கும் மேல் புகைந்தது. அப்போது ஜன்னலைத் திறக்காமல் இருந்த கதையைச் சேச்சி இன்னும் சொல்வார்.

மெசேஜில் என் கண்ணுக்கு மிக முக்கியமான வரி "ஞான் கழுகாம்". முதலில் என் நாள், பிறகுதான் அவளுடையது, அதுவும் "பற்றுமோ" என்ற கேள்வியாக. முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கிறது. புதனும் சனியும் சேச்சியுடையவை. ஞாயிறு ராத்திரி யாரும் சமைப்பதில்லை. கடைசியில் "பறஞ்ஞோளூ" என்று போட்டதும் சேச்சி சொல்லித்தான். "பறயூ" என்றால் சொல்லுங்கள். "பறஞ்ஞோளூ" என்றால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம் நீல டிக் மட்டும் வந்து நின்றது. சேச்சி நகத்தைக் கடித்தார். பிறகு பதில் வந்தது.

"ஓக்கே. வெள்ளி பற்றில்ல, நைட் ஷிஃப்டா. சனி எடுக்காம். மீன்சட்டி இங்ஙள் தொடண்ட, அது ஞான் கழுகிக்கோளாம்."

"கழுகாம்" என்றால் கழுவுகிறேன். "கழுகிக்கோளாம்" என்றால் அது என் பொறுப்பு, நீங்கள் மறந்துவிடுங்கள். நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பாடுபட்டு ஒதுக்கிய "நிங்ஙள்", மலபார் வாயில் "இங்ஙள்" ஆகி, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்குள் வந்துவிட்டது. சேச்சி சனிக்கிழமையைக் கொடுத்துவிட்டு வெள்ளியை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் முணுமுணுத்தார், வெள்ளிக்கிழமைதான் அவர் பிரியாணி செய்யும் நாள், பாத்திரம் அதிகம்.